கதவு எண் 14-ஆகவே நின்றது: ரெப்ளிகா பின்தங்கிய அனுபவங்கள்

மொட்டைமாடி:
கூரியர் பதிவுத் தளம் ஒன்றை எங்கள் குழு பார்த்துக்கொள்கிறது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். எழுதுவது பிரைமரியில், படிப்பது அதன் நகலான ரெப்ளிகாவில். ஒருநாள் காலை 11 மணி வாக்கில் ஒரு அம்மா போன் செய்தார். கதவு எண்ணை 14-லிருந்து 41 என்று மாற்றிச் சேமிக்கிறார். "சேமிக்கப்பட்டது" என்று பச்சைப் பட்டை வருகிறது, அதற்கு நேர் கீழே 14 என்றே இருக்கிறது. நான்கு முறை செய்துவிட்டாராம். "நான் ஏதாவது தப்பா அழுத்துறேனா தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இரண்டு திரைகளில் psql திறந்து ஒரே வரிசையைப் பார்த்தேன். பிரைமரியில் 41, ரெப்ளிகாவில் 14. கண்காணிப்புப் பலகையிலோ லேக் பூஜ்யம்! உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

தேன்மிட்டாய்:
பிரவுசர் கேஷாகத்தான் இருக்கும். கண்ட்ரோல் எஃப்5 அழுத்தச் சொன்னீர்களா?

மொட்டைமாடி:
முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ரெப்ளிகாவிலேயே 14 இருக்கும்போது பிரவுசர் என்ன செய்யும்?

இரவுப்பணி:
பலகை எதை அளக்கிறது என்று பாருங்கள் தம்பி. மாற்றங்கள் ரெப்ளிகாவுக்கு வந்து சேர்வது வேறு, அங்கே அவை செயல்படுத்தப்படுவது வேறு. `pg_last_wal_receive_lsn()` முன்னால் ஓடிக்கொண்டிருக்கும், `pg_last_wal_replay_lsn()` ஒரே இடத்தில் நிற்கும். முதலாவதை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாகவே தெரியும்.

எங்களுக்கும் காலை நேரத்தில்தான் வந்தது. கணக்குப் பிரிவின் நீண்ட அறிக்கை ஒன்று ரெப்ளிகாவில் ஓடும். அது பார்த்துக்கொண்டிருக்கும் பழைய வரிசைகளைப் பிரைமரியில் வேக்யூம் துடைத்துவிடும். அந்தத் துடைப்பு ரெப்ளிகாவுக்கு வந்ததும், அறிக்கை முடியட்டும் என்று காத்து நிற்கும். இயல்பாக 30 நொடி பொறுத்துவிட்டு, `canceling statement due to conflict with recovery` என்று அறிக்கையை வெட்டிவிடும். அறிக்கை அடிக்கடி வெட்டுப்படுகிறதே என்று யாரோ `max_standby_streaming_delay`-ஐ 15 நிமிடமாக்கியிருந்தார்கள். எல்லா மாற்றமும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செயல்படும். அதனால் அறிக்கைக்குத் தொடர்பே இல்லாத முகவரி அட்டவணையும் அதுவரை பழசாகவே கிடக்கும்.

மொட்டைமாடி:
அண்ணா, பார்த்துவிட்டேன். எங்களிடம் 20 நிமிடம்! 10:50-க்கு ஓர் அறிக்கை ஓடுகிறது. போன வருடம் நானேதான் மாற்றியிருக்கிறேன்.

பச்சைமிளகாய்:
சேமித்த பிறகு 2 நொடி அந்தப் பயனரைப் பிரைமரியிலேயே படிக்கவைத்தால் போதும். ரெயில்ஸில் அந்த வசதி உண்டு, இயல்பாகவே 2 நொடிதான்.

இரவுப்பணி:
லேக் சில மில்லிநொடியாக இருக்கும் நாளில் போதும். 20 நிமிடம் நிற்கும்போது மூன்றாவது நொடியில் அதே அம்மா 14-ஐப் பார்ப்பார்.

கரும்பலகை:
எங்கள் கதை லாராவெல். `sticky` என்பதை `true` ஆக்கிவிட்டு நிம்மதியாக இருந்தோம். அது அந்த ஒரே ரிக்வெஸ்டுக்குள் மட்டும்தான் வேலை செய்யும். சேமித்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் அது புது ரிக்வெஸ்ட், படிப்பது மறுபடி ரெப்ளிகாவில். ஆர்டர் வரவில்லை என்று நினைத்து ஒருவர் மூன்று முறை போட, மூன்று பார்சல் போய்ச் சேர்ந்தது.

தேன்மிட்டாய்:
அப்படியானால் ரெப்ளிகாவை பேக்கப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாமே?

இரவுப்பணி:
தப்பாக ஓடிய ஒரு டெலீட் ரெப்ளிகாவிலும் ஓடிவிடுமே. பேக்கப் தனியாக வேண்டும். படிக்கும் சுமை அதிகம் என்பதால்தான் ரெப்ளிகா வைக்கிறோம்.

நாங்கள் செய்தது இது. கமிட் முடிந்த பிறகு பிரைமரி தன் மாற்றப் பதிவில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்தப் பயனரின் செஷனில் வைத்தோம். அடுத்துப் படிக்கும்போது ரெப்ளிகா அந்த இடத்தைத் தாண்டிவிட்டதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அவருக்கு மட்டும் பிரைமரி.

```sql
-- பிரைமரியில்
SELECT pg_current_wal_lsn();
-- ரெப்ளிகாவில்
SELECT pg_last_wal_replay_lsn() >= '0/5A3F1C8'::pg_lsn;
```

கமிட்டுக்கு முன்னால் எடுத்துவிடாதீர்கள். அப்போது கிடைக்கும் இடம் கமிட்டுக்கு முந்தையது. அந்தப் பிழையை நாங்கள் ஒரு வாரம் தேடினோம்.

பச்சைமிளகாய்:
`synchronous_commit = remote_apply` வைத்தால் இவ்வளவு பாடு வேண்டாமே?

இரவுப்பணி:
ஒத்திசைவு ரெப்ளிகாவாக அது இருந்தால் நடக்கும். ஆனால் 10:50-க்கு அறிக்கை ஓடும்போது சேமிக்கிற ஒவ்வொருவரும் ரெப்ளிகாவுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

மொட்டைமாடி:
அறிக்கையைத் தனி ரெப்ளிகாவுக்கு மாற்றிவிட்டேன். மற்றதில் மறுபடி 30 நொடி. செஷன் முறையையும் சோதிக்கிறேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அந்த அம்மா போனில் மாற்றிவிட்டு மகனின் கம்ப்யூட்டரில் பார்த்தால் அது வேறு செஷன் ஆயிற்றே?

கரும்பலகை:
செஷனில் வைக்காமல் பயனர் எண்ணோடு ரெடிஸில் வைத்தால்?

இரவுப்பணி:
ஒரே கணக்கில் நுழைந்தால் சரி. எங்கள் உதவி மையத்துப் பெண் வாடிக்கையாளரின் முகவரியைத் தன் கணக்கிலிருந்து பார்க்கும்போது இன்னும் பழையதுதான் வருகிறது. அந்தத் திரையை மட்டும் முழுக்கப் பிரைமரிக்கு விட்டிருக்கிறோம். வேறு வழி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.