ரீஸ்டோருக்கு ‘மீட்டமை’ வேண்டாம், வேறு சொல் தேவை

சுந்தர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நம் குழுவில் போன மாதம் போட்ட ரவுட்டர் கையேட்டால் ஒரு வினை வந்துவிட்டது, அதற்கு முழுப் பொறுப்பு நான்தான்.

தெரிந்த டீச்சர் ஒருவர் டியூஷன் நடத்துகிறார். அவர் ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தேன். எல்லாவற்றையும் அமைத்து முடித்த அன்றே பேக்கப் கோப்பையும் எடுத்து அவர் லேப்டாப்பில் வைத்துவிட்டேன். போன வாரம் வைஃபை பெயரை மாற்றப் போய் எதையோ குழப்பிக்கொண்டார். சரி, சேமித்த கோப்பிலிருந்து பழையபடி கொண்டுவந்துவிடலாம் என்று என் கையேட்டைத் திறந்தார். அதில் நான் எழுதியிருந்தது: "மீட்டமை பொத்தானை அழுத்தவும்." ரவுட்டர் திரை ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் `Upload archive...` என்று ஒன்று, `Perform reset` என்று ஒன்று. அவர் கைபேசியில் ரீசெட்டுக்கு மீட்டமை என்று பார்த்துப் பழகியவர், ரீசெட்டையே அழுத்திவிட்டார். முடிந்தது கதை. வைஃபை கூடக் காணவில்லை என்று போன் செய்தார்.

மீட்டமை என்றால் திரும்ப அமை. எந்த நிலைக்குத் திரும்ப? பெட்டி வந்தபோது இருந்ததற்கா, நான் சேமித்து வைத்ததற்கா? சொல்லில் அது இல்லவே இல்லை. இரண்டு எதிரெதிர் வேலைக்கும் ஒரே சொல்லைப் போட்டுக்கொண்டு இருக்கிறோம். ரீஸ்டோருக்குத் தனிச்சொல் வேண்டும். யோசனை சொல்லுங்கள்.

ரஃபீக் எழுதியது:

சுந்தர் பாய், இதற்கு ஏன் புதுச்சொல்? ‘மீட்டெடு’ இருக்கிறதே. கைபேசியில் எல்லாரும் பார்க்கிற சொல்தானே. ரீசெட்டுக்கு மீட்டமை, ரீஸ்டோருக்கு மீட்டெடு, அவ்வளவுதான். பேக்கப்பை ஏற்றினால் ரவுட்டர் அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வந்துவிடும், அதற்கு மீட்டெடு சரியாகத்தான் பொருந்துகிறது. நான் வீட்டிலும் கடையிலும் ஒரே பேக்கப்பைத்தான் போட்டு வைத்திருக்கிறேன், இரண்டும் நன்றாக ஓடுகிறது.

பூங்கோதை எழுதியது:

ரஃபீக் தம்பி, "அப்படியே வந்துவிடும்" என்பதில்தான் சிக்கல். அது அப்படியே வராது. சொல்லைப் பற்றிப் பேசும் முன் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல் அதிலிருந்துதான் வர வேண்டும்.

இந்த ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு அடுக்கு இருக்கிறது. அடியில் மாற்ற முடியாத மூல அடுக்கு. அதன்மேல் நாம் செய்யும் மாற்றங்கள் எல்லாம் எழுதப்படும் மேலடுக்கு. அச்சடித்த படத்தின் மேல் ட்ரேசிங் தாள் வைத்து வரைகிற மாதிரி. ரீசெட் செய்தால் அந்த ட்ரேசிங் தாளை உருவி எறிந்துவிட்டுப் புதுத்தாள் வைக்கிறது. கட்டளைவரியில் `firstboot` என்று கொடுத்தால் அதுவே எச்சரிக்கிறது, அமைப்புகள் அழியும், பின்னால் நிறுவிய தொகுப்புகளும் போய்விடும் என்று.

பேக்கப் கோப்பு என்பது அந்த ட்ரேசிங் தாளின் முழு நகல் அல்ல. `/etc/config` உள்ளே இருப்பவை, கடவுச்சொல் கோப்பு, இன்னும் சில குறிப்பிட்ட கோப்புகள், இவை மட்டும் ஒரு tar.gz மூட்டையாக. எதெல்லாம் போகிறது என்று பார்க்க:

```
sysupgrade -l
```

ரீஸ்டோர் என்பது அந்த மூட்டையைப் பிரித்து, உள்ளே இருப்பதை அந்தந்த இடத்தில் போட்டுவிட்டு, மறுதொடக்கம் செய்வது. வேறு எதுவும் இல்லை. நிறுவிய தொகுப்புகள் மூட்டையில் கிடையாது. டீச்சர் வீட்டில் விளம்பரத் தடுப்பு போட்டிருந்தால் அதன் அமைப்புக் கோப்பு திரும்பி வரும், அந்த மென்பொருள் வராது. சுந்தர், அப்படித்தானே ஆனது?

கடையிலும் வீட்டிலும் ஒரே கோப்பு ஓடுகிறது என்றால் இரண்டும் ஒரே மாடல், ஒரே பதிப்பாக இருந்திருக்கும், அது அதிர்ஷ்டம். வேறு மாடலில் வைஃபை சிப்பின் முகவரியே மாறும். பதிப்பும் அப்படித்தான். 21.02 பதிப்பில் பல மாடல்களுக்குச் சுவிட்ச் பகுதி புது முறைக்கு மாறியது. பழைய 19.07 கோப்பில் `eth0.1` என்று எழுதியிருக்கும், புதியதில் `lan1`, `lan2` என்று தனித்தனிப் பெயர். பழையதைக் கொண்டுபோய்ப் போட்டால் கேபிள் செருகினாலும் ரவுட்டர் பதில் சொல்லாது.

ஆக, ‘மீட்டெடு’ கொடுக்க முடியாததைத் தருவதாகச் சொல்கிறது. அடகு நகையை மீட்டால் முழு நகையும் கைக்கு வரும். இங்கே வருவது சீட்டில் எழுதி வைத்தது மட்டும்.

சுந்தர் எழுதியது:

அக்கா சொன்னதுதான் நடந்தது. முழுதாகச் சொல்கிறேன்.

ரீசெட்டுக்குப் பிறகு வைஃபை அணைந்துதான் இருக்கும் என்பதால் கேபிளால் இணைக்கச் சொன்னேன். உலாவியில் `192.168.1.1`, பயனர் `root`, கடவுச்சொல் கிடையாது. `System` பட்டியலில் `Backup / Flash Firmware`, அதில் `Upload archive...`, கோப்பு `backup-OpenWrt-2024-03-02.tar.gz`. மூட்டையில் இருப்பதைக் காட்டிச் சம்மதம் கேட்டது, கொடுத்தார், ரவுட்டர் மறுதொடக்கம் ஆனது.

அப்புறம் பத்து நிமிடம் உலாவி சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று பதறினார். நானும் பதறினேன். பிறகுதான் உறைத்தது, பழைய அமைப்பில் ரவுட்டரின் முகவரியை `192.168.8.1` என்று நான்தான் மாற்றி வைத்திருந்தேன். கோப்பு ஏறியதும் ரவுட்டர் அந்த முகவரிக்குப் போய்விட்டது, உலாவி பழைய வாசலிலேயே தட்டிக்கொண்டு நிற்கிறது. கேபிளைப் பிடுங்கித் திரும்பச் செருகச் சொன்னேன், லேப்டாப்புக்குப் புது முகவரி கிடைத்தது, பக்கம் திறந்தது. கடவுச்சொல்லும் பழையதே. வைஃபை வந்துவிட்டது, இணையமும் வந்துவிட்டது.

விளம்பரத் தடுப்பு மட்டும் வரவில்லை. அதை மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. ஆனால் ஒரு நல்ல விஷயம், அமைப்புக் கோப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருந்ததால் `opkg` அதைத் தொடவில்லை, தன் இயல்புக் கோப்பைப் பக்கத்தில் `-opkg` என்ற வால் போட்டு வைத்துவிட்டது. பழைய விதிகள் அப்படியே வேலை செய்தன.

குமரேசன் எழுதியது:

ஐயா, எனக்கும் இதே பிரச்சினை. பையன் ரவுட்டர் பின்னாலிருக்கும் ஓட்டையில் குச்சியை விட்டு அழுத்திவிட்டான், இணையம் போய்விட்டது. இணைப்புக்காரர் கொடுத்த பயனர்பெயர், கடவுச்சொல் எழுதி வைக்கவில்லை. எந்தப் பொத்தானை அழுத்தினால் அது திரும்ப வரும்? பழைய பேக்கப் என்று ஒரு கோப்பு இருக்கிறது, இதோடு இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பூங்கோதை எழுதியது:

குமரேசன் சார், முதலில் ஒன்று. இணைத்த கோப்பை நம் குழுவின் மடல் காப்பகத்திலிருந்து நீக்கிவிட்டேன். ஆனால் மடல் ஏற்கெனவே எல்லாருக்கும் போயிருக்கும். அந்த மூட்டையில் வைஃபை கடவுச்சொல்லும் இணைப்புக் கடவுச்சொல்லும் மறைக்கப்படாமல் வெறும் எழுத்தாக இருக்கின்றன. இரண்டையும் இன்றே மாற்றிவிடுங்கள்.

எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ரவுட்டர் தானாக நினைவுபடுத்திக்கொள்ளாது, அதனிடம் இருந்தது போய்விட்டது. நல்லவேளை, உங்கள் கோப்பும் இதே வகைதான். அதை ரவுட்டரில் போடாமலே கணினியில் பிரித்துப் பார்க்கலாம்.

```
mkdir old
tar -xzf backup.tar.gz -C old
grep -A8 "interface 'wan'" old/etc/config/network
```

`username`, `password` என்ற இரண்டு வரி தெரியும். மாடலே மாறிவிட்டாலும் இந்த வழி உதவும், முழுக்கோப்பையும் போடாமல் வேண்டிய வரியை மட்டும் கையால் எழுதிக்கொள்ளலாம். இணைப்புக்காரரே கொடுத்த பெட்டியாக இருந்தால் கதை வேறு, அவற்றின் பேக்கப் கோப்புகள் பலவற்றை இப்படிப் பிரித்துப் படிக்க முடியாது, அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

மற்றவர்களுக்கு: குமரேசன் சாரின் கேள்வியைக் கவனித்தீர்களா? "எந்தப் பொத்தானை அழுத்தினால் திரும்ப வரும்?" ‘மீட்டெடு’ என்ற சொல் ஏற்படுத்தும் எண்ணம் இதுதான். அழிந்த போட்டோவை மீட்டெடுப்பது போல, தொலைந்தது உள்ளே எங்கோ கிடக்கிறது, தோண்டி எடுக்கலாம் என்று. என் யோசனை ‘மீளேற்று’, பெயராக ‘மீளேற்றம்’. மீளேற்று என்றதும் "எதை?" என்ற கேள்வி தானாக எழும். கோப்பு கையில் இருந்தால்தான் ஏற்ற முடியும். ஏற்றியது மட்டும்தான் இருக்கும்.

சிவரஞ்சனி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். மீளேற்று எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு ஐயம். பதிவேற்று என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மாணவர்களிடம் "கோப்பைப் பதிவேற்றி மீளேற்றுங்கள்" என்றால் இரண்டும் ஒன்றா என்று கேட்பார்கள். அதுவும் பொத்தானில் `Upload` என்றே இருக்கிறது! வலைப்பக்கத்தை ரீலோட் செய்வதற்கும் சிலர் மீளேற்று என்கிறார்கள். ‘கோப்பிலிருந்து அமை’ என்று வெறுமனே எழுதினால் என்ன? கலைச்சொல்லாகவே இருக்க வேண்டுமா?

ரீசெட்டுக்கு நான் வகுப்பில் ‘மீளமை’ என்பேன். அதுவும் மீட்டமை போலவே இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

ரஃபீக் எழுதியது:

சரி, தொகுப்புகள் வராது என்பதை ஒத்துக்கொள்கிறேன், கடை ரவுட்டரைப் பார்த்தேன், நான் அதில் எதுவும் தனியாக நிறுவவில்லை, அதனால்தான் தெரியவில்லை. ஆனாலும் கைபேசிக்காரர்கள் மீட்டெடு என்று போட்டுக்கொண்டே இருக்கும்போது நாம் மட்டும் மீளேற்று என்றால் டீச்சர் மறுபடி குழம்ப மாட்டாரா?

ரீசெட்டுக்கு என் பங்கு: ‘பிறந்தமேனியாக்கு’. கோபப்பட வேண்டாம்.

பூங்கோதை எழுதியது:

ரஃபீக், பொருள் பிழையில்லாத ஒரே சொல் அதுதான் போலிருக்கிறது, அச்சில்தான் போட முடியாது. ‘வெறுமையாக்கு’ என்று முன்பு ஒருவர் சொன்னார், அது தவறு, மூல அடுக்கு அப்படியே இருக்கிறதே. ‘ஆலைநிலைக்குத் திருப்பு’ நீளம்தான், ஆனால் எங்கே திரும்புகிறது என்று சொல்லிவிடுகிறது.

ரஞ்சனி சொன்ன ரீலோட் குழப்பம் உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சுந்தர் எழுதியது:

கையேட்டை இப்போதைக்கு இப்படித் திருத்திவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"சேமித்த கோப்பிலிருந்து அமைப்புகளை மீளேற்ற, `Upload archive...` பொத்தானை அழுத்தவும். அதே பக்கத்தில் உள்ள `Perform reset` பொத்தானைத் தொட வேண்டாம், அது ரவுட்டரை ஆலைநிலைக்குத் திருப்பி எல்லாவற்றையும் அழித்துவிடும். மீளேற்றியபின் ரவுட்டரின் முகவரி மாறக்கூடும், கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகவும். தனியாக நிறுவிய தொகுப்புகளை மறுபடி நிறுவ வேண்டும்."

‘மீட்டமை’ என்ற சொல் கையேட்டில் ஓரிடத்திலும் இல்லை. இனி பேக்கப் எடுக்கும்போது `sysupgrade -k -b /tmp/backup.tar.gz` என்று கொடுக்கலாம் என்றும் சேர்த்திருக்கிறேன், அப்படி எடுத்தால் நிறுவிய தொகுப்புகளின் பட்டியலும் மூட்டைக்குள் போய்விடும். பட்டியல் மட்டும்தான், தொகுப்புகள் அல்ல.

டீச்சரிடம் படித்துக் காட்டினேன். "மீளேற்றுன்னா திரும்ப ஏத்தறதுதானே, புரியுது, ஆனா ஆலைநிலைன்னா என்ன, கரும்பாலையா?" என்று கேட்டார். அந்தச் சொல்லுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.