சானட்டின் கடைசி ஈரடியும் குறள் வெண்பாவும்

இளவேனில்: ஷேக்ஸ்பியரின் பதினான்கு வரிப் பாட்டுகளான சானட்டுகளில் 18ஆவதைத் தமிழாக்கினேன். முதல் பன்னிரண்டு வரியில் நான்கு நான்கு வரி ஒவ்வொன்றையும் ஓர் அறுசீர் விருத்தமாக்கிவிட்டேன். படுத்தியது கடைசி ஈரடிதான். மனிதருக்கு மூச்சும் பார்வையும் உள்ளவரை இப்பாட்டும் வாழும், உனக்கும் வாழ்வு தரும் என்று முடியும். அதைக் குறள் வெண்பாவாக்கினேன்:

மூச்சுள்ள மட்டும் விழிகாணும் மட்டுமிப்
பேச்சுள்ளே வாழ்வாய்நீ பெண்

தளை சரி. ஆனால் மூச்சுக்கு எதுகையாகப் ‘பேச்சு’ வந்ததில் ‘பாட்டு’ போய்விட்டது. அந்த வரிக்கு உயிரே பாட்டுதான்.

தேன்மழை: ஆங்கிலத்தில் ஓசை வரிக் கடைசியில்தானே ஒன்றுகிறது? இயைபு வைத்தால் போதும். எதுகைதான் வேண்டுமென்றால் ‘கட்டழகு’ என்று தொடங்குங்கள், பாட்டுக்குப் பொருந்தும்.

பழம்புலவன்: பொருந்தாது. இரண்டாம் எழுத்து ஒன்றினாலும் முதலெழுத்து ‘க’ குறில், ‘பா’ நெடில். அளவு ஒக்க வேண்டும். இயைபும் தமிழில் மலிவு. வாழ்வாய், வருவாய், தருவாய் என்று வினைமுற்றே அள்ளிக் கொடுத்துவிடும், காதில் கனம் இருக்காது. அப்புறம், அந்தப் ‘பெண்’ எதற்கு? மூலத்தில் இல்லை. அந்தக் கவிதை ஓர் இளைஞனை நோக்கியது என்பதே பெரும்பாலோர் கருத்து. ‘நீ’ போதும், ஆணா பெண்ணா என்று சொல்லாது. இதைப் பாருங்கள்:

நாட்டமும் மூச்சும் நரர்க்குள்ள மட்டுமிப்
பாட்டுள்ளே வாழ்வாய்நீ நின்று

இளவேனில்: பாட்டு திரும்பி வந்துவிட்டது! ஆனால் ‘நரர்’ கொஞ்சம் உறுத்துகிறது. ‘மக்கள்’ கூடாதா?

பழம்புலவன்: ‘மூச்சும்’ தேமா. அடுத்த சீர் நிரையில் தொடங்கியாக வேண்டும். ‘மக்’ நேரசை, தளை தட்டும். ‘மனிதர்க்குள்ள’ என்றால் நாலசையாகிவிடும். மோனைக்கும் நா, ந பொருந்துகிறது.

வழிப்போக்கன்: நான் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கின் வகைச் சானட் ஒன்று செய்தேன். முதல் எட்டு வரி இரண்டு விருத்தம், இரண்டுக்கும் ஒரே எதுகை. ஒன்பதாம் வரியில் பேச்சு திரும்புமே, அங்கே எதுகையை மாற்றியதும் திருப்பம் காதிலேயே கேட்டது. மீதி ஆறு வரியை நாலடி விருத்தத்தில் திணித்தபோது இரண்டு உவமை வெளியே போய்விட்டன. அதற்கு யாராவது வழி கண்டிருக்கிறீர்களா?

தேன்மழை: குறில் நெடில் விஷயம் புரிந்தது. ஆனால் ‘நாட்டமும் மூச்சும்’ என்றதும் எனக்கு ஆசை, விருப்பம் என்றுதான் பட்டது. கண் என்று தோன்றவே இல்லை.

பழம்புலவன்: பழைய பாட்டு படித்தவருக்குத் தோன்றும்.

இளவேனில்: நான் எழுதுவது மற்றவர்களுக்கும்தான் ஐயா. இப்போதைக்கு இரண்டு குறளையும் வைத்திருக்கிறேன். ‘பெண்’ணை மட்டும் எடுத்துவிட்டு முதல் குறளிலும் ‘நின்று’ போட்டாயிற்று, தளை கெடவில்லை.