புதுப்பிப்பு: சிங்கப்பூர் ரோமிங் பில்லில் கூடுதலாக வந்த ₹719

நான் கேட்டிருந்தது: "7 நாள் ரோமிங் பேக் போட்டும் டேட்டாவுக்கு ₹620, ஏதோ மதிப்புக்கூட்டுச் சேவைக்கு ₹99 என்று தனியாக வந்திருக்கிறது. ஏன்?"

உதவிய அனைவருக்கும் நன்றி. விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கி நேரத்தை ஒப்பிடுங்கள் என்று சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. பேக், நான் சிங்கப்பூரில் இறங்கியபோது அல்ல, சென்னையில் வாங்கிய மாலை 6.30-க்கே தொடங்கியிருந்ததால், ஏழு நாள் கழித்து அதே நேரத்தில் முடிந்துவிட்டது. டேட்டா பயன்பாடு இரவு 7.10 எனப் பதிவாகியிருந்தது. அது இந்திய நேரம் என்பதை உணராமல், அப்போது வைஃபையில் அல்லவா இருந்தேன் என்று குழம்பினேன். சிங்கப்பூரில் அது 9.40, விமான நிலையத்தில் காத்திருந்த நேரம்.

முழுத் தொகையும் மதிப்புக்கூட்டுச் சேவைதான் என்ற நண்பரின் கணிப்பு ₹99-க்கு மட்டுமே பொருந்தியது. அவர் சொன்னபடி 155223-க்கு STOP அனுப்பியதும் சேவை நின்றது; ஆனால் பணம் தானாக வரவில்லை. என் ஒப்புதலுக்கான பதிவைக் காட்டுமாறு புகார் அளித்த பின்னரே, 18% ஜிஎஸ்டியும் சேர்த்து ₹116.82 வரவு வைத்தார்கள். ப்ரீபெய்டில் இருப்பு கரைந்ததாக எழுதிய அக்காவுக்கு 155223 என்ற எண் உதவக்கூடும்.

எதிர்பாராதது ஒன்று: அதே பயணத்தில் வந்த ஓர் அழைப்பின் கட்டணம், வெளிநாட்டு நிறுவனத்தின் பதிவு தாமதமாக வந்ததால், அடுத்த மாத பில்லில் சேர்ந்திருக்கிறது. ₹620 குறித்த மேல்முறையீட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.