புதுப்பிப்பு: மண்டப வாசலில் பூ வளைவு சாய்ந்த விவகாரம்

"அலங்காரக்காரர் நிறுத்திய பூ ஃபிரேம் சாய்ந்து, வரவேற்புக்கு வந்த அம்மா ஒருவருக்குக் காயம். பொருள் அவருடையது, மண்டபம் என்னுடையது. யார் பொறுப்பு?" – சென்ற வாரம் நான் கேட்டது.

முதலில் அந்த அம்மா: நெற்றியில் நான்கு தையல், பிரித்தாகிவிட்டது. நன்றாக இருக்கிறார்.

கேமரா பதிவில், பக்கவாட்டுக் கதவைத் திறந்ததும் பின்துணி பாய்மரம் போலப் புடைக்கிறது. பத்தடி ஃபிரேம் முன்னால் சாய்கிறது. "காற்றுதான் காரணம்" என்கிறார் அலங்காரக்காரர். பாதி உண்மை. எங்களுக்குப் பந்தல் போடும் பெரியவர் ஃபிரேமின் அடித் தகட்டைப் புரட்டிக் காட்டினார். ஒன்றரை அடி அகலம்தான். அதன்மேல் ஒரு மணல் மூட்டைகூட இல்லை. தண்ணீரில் ஊறிய பூக்கட்டைகளோ மொத்தமும் உச்சியில். "தலை கனம், கால் லேசு. குழந்தை துணியைப் பிடித்து இழுத்தாலே விழும், ஐயா" என்றார். தூணோடு பிணைத்திருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் பட்டை. அது அறுந்து கிடந்தது.

 

என் தீ விபத்துக் காப்பீடு இதற்கு உதவவில்லை; பிறருக்கு நேரும் காயத்துக்குத் தனிப் பாலிசி எடுத்திருக்க வேண்டும். மருத்துவச் செலவை நானே கொடுத்தேன். பாதியாவது தரச் சொன்னதிலிருந்து அலங்காரக்காரர் போனை எடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு வேறு ஆள் வருகிறார். ஃபிரேமைத் தோள் உயரத்தில் நானே தள்ளிப் பார்த்த பிறகுதான் பூ ஏறும்.