கலைச்சொல்: 'காசுக்குச் சமமானவை' என்ற பெயருக்குள் மேலதிகப்பற்று எப்படி அடங்கும்?

நிரோஷினி, வெள்ளவத்தை

அனைவருக்கும் வணக்கம். கணக்கீட்டு வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு எனக்கே திருப்தியான பதில் கிடைக்கவில்லை. காசுப்பாய்ச்சல் கூற்றின் கடைசியில் 'காசும் காசுக்குச் சமமானவையும்' என்று எழுதி, அதற்குக் கீழே கையிலுள்ள காசு, வங்கி மீதி, பிறகு வங்கி மேலதிகப்பற்றைக் கழித்துக் காட்டுகிறோம். "டீச்சர், மேலதிகப்பற்று கடன். கடன் எப்படிக் காசுக்குச் சமமாகும்?" என்றாள். விதி அப்படி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது உறுத்துகிறது.

என் சந்தேகம் சொல்லில்தான். 'சமமானவை' என்றதும் பிள்ளைகள் பெறுமதியில் சமம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒருத்தி தங்க நகையைக்கூடச் சேர்த்திருந்தாள். இதைவிடப் பொருத்தமான சொல் ஒன்று வேண்டும். யாராவது முயன்றிருக்கிறீர்களா?

செல்வம், கோவை

நாங்கள் ரொக்கம் என்போம். அதனால் 'ரொக்க நிகரி' என்று வைக்கலாம். இலங்கைக்கு 'காசுநிகரி'. நிகர் என்றால் ஒப்பு, சங்க காலத்திலிருந்தே இருக்கிற சொல். மேலதிகப்பற்றைப் பொறுத்தவரை இந்தியாவில் இன்ட் ஏஎஸ் 7 என்ற கணக்கியல் நியமம் அதைச் சேர்க்கத்தான் சொல்கிறது. ஆகவே உங்கள் மாணவியிடம், ஓ.டி. எப்போதும் கழியும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பத்மநாதன், கொட்டாஞ்சேனை

செல்வம் தம்பி, சொல் அழகானது, ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து. இங்கே நாங்கள் தேறிய இலாபம் என்பதை நீங்கள் நிகர இலாபம் என்கிறீர்கள். உங்கள் ஊர்ப் புத்தகத்தையும் சேர்த்துப் படிக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. காசுநிகரி என்றால் கடன் கழித்த தேறிய காசு என்றே வாசிப்பார்கள். மேலதிகப்பற்றைக் கழிக்கும் இதே இடத்தில் அந்தக் குழப்பம் வரக்கூடாது.

அடுத்தது, 'எப்போதும் கழியும்' என்பது சரியில்லை. எங்கள் எல்.கே.ஏ.எஸ். 7-உம் உங்கள் நியமமும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. வங்கியில் வாங்கும் கடன் பொதுவாக நிதியிடல் நடவடிக்கைதான் என்று சொல்லிவிட்டுத்தான், கேட்டவுடன் திருப்பிக் கொடுக்கவேண்டிய மேலதிகப்பற்று, நிறுவனத்தின் அன்றாடக் காசு முகாமையின் பிரிக்கமுடியாத பகுதியாக இருந்தால் அதைக் காசோடு சேர்க்கிறது. அதற்கு ஓர் அடையாளமும் தருகிறது: மீதி அடிக்கடி சாதகத்திலிருந்து பாதகத்துக்கும் பாதகத்திலிருந்து சாதகத்துக்கும் மாறிக்கொண்டிருக்கும்.

ஏன் சேர்க்கவேண்டும் என்பதைக் கடையில் நின்று பார்த்தால் புரியும். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடை. காலை நடைமுறைக் கணக்கு 8 இலட்சம் பாதகம். முதல் நாள் விற்ற காசு 12 இலட்சத்தைப் பையன் கொண்டுபோய் வைப்பிலிடுகிறான். மீதி 4 இலட்சம் சாதகம். பிற்பகல் வழங்குநரின் காசோலை 9 இலட்சம் போகிறது. இப்போது 5 இலட்சம் பாதகம்.

மேலதிகப்பற்றைத் தனிக் கடனாகப் பார்த்தால் என்ன எழுதவேண்டும்? காலையில் கட்டிய ஒரே சிட்டையை இரண்டாகக் கிழிக்கவேண்டும். 8 இலட்சம் கடன் திருப்பிச் செலுத்தல், மிச்சம் 4 இலட்சம் பெட்டியிலிருந்து வங்கிக்குப் போன வெறும் இடமாற்றம். பிற்பகல் காசோலையில் 4 இலட்சம் சொந்தக் காசு, 5 இலட்சம் புதுக் கடன். கடைக்காரர் அன்று கடன் வாங்கவும் இல்லை, அடைக்கவும் இல்லை. விற்றார், வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுத்தார், அவ்வளவுதான். காசுப் பெட்டியிலிருந்து வங்கிக்கு மாற்றுவது காசுப்பாய்ச்சல் ஆகாது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இப்படி ஆடும் கணக்கில், பூச்சியத்துக்குக் கீழே இருக்கும் பகுதியும் அதே பெட்டியின் அடிப்பாகம்தான்.

ஆகவே நிரோஷினி, உங்கள் மாணவியிடம் கடன் காசுக்குச் சமம் என்று சொல்லவேண்டாம். மேலதிகப்பற்று 'சமமானவை' என்ற வகையில் வரவே இல்லை. அது காசுப் பெட்டியின் ஓர் உறுப்பாக, கழித்தல் குறியோடு உள்ளே வருகிறது.

இல்யாஸ், புறக்கோட்டை

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இரும்புச் சாமான் மொத்தக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். பத்மநாதன் ஐயா சொன்னது எங்கள் கடையேதான். அதனால் என் கணக்கைக் கேட்கிறேன். போன வருடம் ஏப்ரல் 1 அன்று கையில் 3 இலட்சம், வங்கியில் 15 இலட்சம் சாதகம். இந்த மார்ச் 31 அன்று கையில் 4, ஓ.டி. 41 இலட்சம். செயற்பாட்டில் 10 இலட்சம் வெளியே போய்விட்டது. நடுவில் பாவித்த லொறி ஒன்று 45 இலட்சத்துக்கு வாங்கினோம். ஓ.டி. எல்லை 50 இலட்சம். அதற்குப் பிணையாக முதலாளியின் கம்பனிப் பெயரிலேயே 60 இலட்சம் நிலையான வைப்பு, ஒரு வருடத்துக்குரியது, அதே வங்கியில்.

நான் கழித்தே காட்டினேன். 4-இலிருந்து 41 போக, பாதகம் 37. நிலையான வைப்பும் காசுக்குச் சமம்தானே, அதையும் சேர்த்தால் சாதகம் 23. நிதிநிலைமைக் கூற்றிலும் வைப்பையும் ஓ.டி.யையும் கழித்துத் தேறிய தொகையாகப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பத்மநாதன், கொட்டாஞ்சேனை

வ அலைக்கும் ஸலாம், இல்யாஸ் தம்பி. நீங்கள் மூன்றை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள், ஒவ்வொன்றாக அவிழ்ப்போம்.

வைப்பு சேராது. வாங்கிய நாளிலிருந்து முதிர்வுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் அல்லது அதற்குக் குறைவு என்பதே வழக்கமான அளவு. உங்களுடையது ஒரு வருடம். முதிர்வுக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது என்று இப்போது எண்ணினாலும் பயனில்லை, எண்ணிக்கை தொடங்குவது வைப்பிட்ட நாளில். அதோடு அது பிணையில் கிடக்கிறது. நாளைக் காலைக் கொடுப்பனவுக்கு அதை எடுக்கமுடியாது.

நிதிநிலைமைக் கூற்றில் கழிப்பது வேறு விதி. அங்கே சட்டப்படி ஈடுசெய்யும் உரிமை இப்போதே இருக்கவேண்டும், தேறிய தொகையாகவோ ஒரே நேரத்திலோ தீர்க்கும் எண்ணமும் இருக்கவேண்டும். நீங்கள் வைப்பை வட்டிக்காக வைத்துக்கொண்டு ஓ.டி.யைத் தனியாகப் பாவிக்கிறீர்கள். எண்ணம் இல்லை. ஆகவே ஓ.டி. நடைமுறைப் பொறுப்பில், வைப்பு சொத்தில். காசுப்பாய்ச்சல் கூற்றில் கழிப்பது நிதிநிலைமைக் கூற்றைத் தொடாது. அதனால்தான் இரண்டு தொகையும் வேறுபடும் இடத்தில் ஓர் இணக்கக் குறிப்பு கேட்கப்படுகிறது. இங்கே வருடாந்த அறிக்கைகளில் சாதக மீதிகள், பாதக மீதிகள் என்று இரண்டு பகுதியாகக் கொடுப்பார்கள்.

இனி ஓ.டி. நீங்கள் கழித்தால் ஆரம்ப மீதி 18, செயற்பாடு 10 போக, லொறி 45 போக, முடிவு பாதகம் 37. நிதியிடல் பகுதி வெறுமை. கழிக்காவிட்டால் நிதியிடலில் 41 உள்ளே வந்ததாகக் காட்டுவீர்கள், முடிவு கையிலுள்ள 4 மட்டும். இரண்டும் கூட்டல் சரியாகும். ஆனால் இரண்டாவதில்தான் லொறி யாருடைய பணத்தில் வந்தது என்று வாசிப்பவருக்குத் தெரிகிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று என்னைக் கேட்கவேண்டாம், வங்கிக் கூற்றைக் கேளுங்கள். பன்னிரண்டு மாதத்தையும் எடுத்து, மீதி எத்தனை தடவை பூச்சியத்தைத் தாண்டியது என்று எண்ணிப் பாருங்கள். மாத முடிவு மீதி போதாது, நாள் மீதி வேண்டும்.

இந்த நியமங்களுக்கான சர்வதேசப் பொருள்கோடற் குழு 2018 ஜூனில் இதே மாதிரி ஒன்றுக்கு முடிவு சொன்னது. குறுகிய அறிவித்தலில் திருப்பிக் கேட்கக்கூடிய குறுங்காலக் கடன். காசு முகாமைக்குத்தான் வைத்திருக்கிறோம் என்றார்கள். மீதி அடிக்கடி சாதகத்துக்கு வராததால் அது நிதியிடல் என்றே குழு சொன்னது. காசு முகாமைக்கு என்று வாயால் சொன்னால் போதாது.

செல்வம், கோவை

ஐயா, நன்றி. நான் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன். அப்படியென்றால் நமக்கு வேண்டியது ஒரு சொல் இல்லை, மூன்று. காசுநிகரியை நானே விட்டுவிடுகிறேன். 'காசொத்தவை' எப்படி? ஆடுகிற மேலதிகப்பற்றுக்கு 'ஊசற்பற்று'. ஆடாமல் அடியில் கிடப்பதற்கு 'தங்குபற்று'.

நிரோஷினி, வெள்ளவத்தை

தங்குபற்று உடனே பிடித்துவிட்டது. கேட்டவுடன் பொருள் வருகிறது. காசொத்தவையும் நல்லது. பெறுமதியில் சமம் என்ற எண்ணத்தைவிட, காசைப் போல நடக்கும் என்ற எண்ணம் அதில் வருகிறது. நகை உடனே வெளியே போய்விடும், ஏனென்றால் நாளை என்ன விலைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. 'காசனையவை' என்றும் யோசித்தேன், ஆனால் பிள்ளைகள் வாய்விட்டு வாசிக்கத் தடுமாறுவார்கள்.

ஊசற்பற்றில்தான் தயக்கம். எங்கள் வீட்டுப் பேச்சில் ஊசிப்போன சோறு என்றால் கெட்டுப்போன சோறு. கெட்டுப்போன கடன் என்று யாராவது எடுத்தால், அறவிடமுடியாக் கடனோடு குழம்பும். 'ஏறியிறங்குபற்று' நீளம்தான், ஆனால் பிழையாக விளங்காது.

பத்மநாதன், கொட்டாஞ்சேனை

எனக்கு ஊசல் பிடிக்கிறது. ஊஞ்சல் ஒரு பக்கம் போனால் மற்றப் பக்கமும் வந்தாகவேண்டும், அதுவே இங்கே பரிசோதனை. ஏறியிறங்குபற்று என்றால், 20-இலிருந்து 45-க்கும் 45-இலிருந்து 20-க்கும் பாதகத்துக்குள்ளேயே ஏறியிறங்கும் கணக்கையும் சேர்த்துவிடுவீர்கள். அது தங்குபற்று. பூச்சியத்தைத் தாண்டுவதுதான் கேள்வி.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். நியமம் 'கழிக்கலாம்' என்கிறதா, 'சேர்க்கப்படும்' என்கிறதா? நான் வாசிக்கும் விதத்தில், நிபந்தனை பொருந்தினால் சேர்க்கவேண்டும், விருப்பத் தெரிவு இல்லை. கணக்கீட்டுக் கொள்கையாகத் தெரிவுசெய்யலாம் என்று வாதாடும் நல்ல கணக்காய்வாளர்களும் எனக்குத் தெரியும். பாடக்குறிப்பில் 'கழிக்கலாம்' என்று எழுதுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

இல்யாஸ், புறக்கோட்டை

ஐயா, எண்ணிவிட்டேன். இரண்டு இரவு ஆனது. ஏப்ரலிலிருந்து ஓகஸ்ட் 9 வரை மீதி 31 தடவை பூச்சியத்தைத் தாண்டியிருக்கிறது, சில கிழமைகளில் மூன்று தடவை. ஓகஸ்ட் 10 லொறிக்குக் காசோலை போனது. அதற்குப் பிறகு மார்ச் 31 வரை ஒரு நாள்கூடச் சாதகத்துக்கு வரவில்லை. ஆகக் குறைந்த பாதகமே 22 இலட்சம்.

ஆக, முன்பாதி ஊசல், பின்பாதி தங்கல். இப்போது நான் என்ன செய்யவேண்டும்? போன வருட ஒப்பீட்டுத் தொகையில் ஓ.டி. கிடையாது என்பதால் அதில் சிக்கல் இல்லை.

பத்மநாதன், கொட்டாஞ்சேனை

அருமையான வேலை, தம்பி. நான் என்றால் 41-ஐ நிதியிடலில் காட்டி, முடிவுக் காசை 4 என்று வைப்பேன். ஓகஸ்டுக்கு முந்திய ஆட்டம் தானாகவே ஆரம்ப மீதிக்கும் முடிவு மீதிக்கும் இடையில் அடிபட்டுப்போகும். ஆனால் ஒரு வருடத்தின் நடுவில் குணம் மாறிய கணக்குக்கு நியமத்தில் நேரடி வரி இல்லை. லொறிக் கடனை அடுத்த சில மாதத்தில் அடைத்து மறுபடி ஆடத் தொடங்கிவிடும் என்று உங்கள் முதலாளி காட்டமுடிந்தால், உங்கள் கணக்காய்வாளர் வேறு முடிவுக்கு வரலாம். எண்ணிய தாளை அவருக்கு அப்படியே கொடுங்கள்.

நிரோஷினி, வெள்ளவத்தை

இல்யாஸ் நானா, கடைப் பெயர் இல்லாமல் அந்த எண்ணிக்கையை வகுப்பில் பாவிக்கலாமா? சனிக்கிழமைக் குறிப்பில் காசொத்தவை, தங்குபற்று இரண்டையும் போடுகிறேன், பரீட்சைக்குப் பழைய சொல்லே என்று பக்கத்தில் எழுதி. மூன்றாவது சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன். ஓகஸ்ட் 10-ஐப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், பிறகு அந்த இடத்தில் எதை எழுதுவது என்று அவர்களையே கேட்கிறேன்.