‘சப்பையாப் போச்சு’: ரிவ்யூவிலிருந்து எடுத்த வார்த்தை என் காலை வாரிய கதை

குஷன்காரன்:
நாற்காலியில் போட்டு உட்காரும் குஷன் விற்கிறேன். பொருளின் பக்கத்தில் முதலில் நான் எழுதி வைத்திருந்தது “உயர் அடர்த்தி மெமரி ஃபோம், எர்கோனாமிக் வடிவமைப்பு”. ‘வாங்குகிறவர்கள் சொல்லும் வார்த்தையையே எடுத்துப் போடு’ என்றார் ஒரு நண்பர். சரி என்று என் குஷன், போட்டிக் குஷன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 200 ரிவ்யூ போல உட்கார்ந்து படித்தேன். ‘அடர்த்தி’ என்ற சொல் ஒன்றில்கூட இல்லை. போட்டிக் குஷன்களுக்குக் கீழே மட்டும் திரும்பத் திரும்ப “ரெண்டே மாசத்துல சப்பையாப் போச்சு” என்று இருந்தது. கிடைத்தது புதையல் என்று தலைப்பை மாற்றினேன்: “சப்பையாகாத குஷன்”.

விற்பனை கூடியது. மூன்றாவது மாதம் ரிட்டர்னும் வர ஆரம்பித்தது. “சப்பையாகாதுன்னு போட்டிருந்தீங்களே, ஆயிடுச்சே” என்று என் தலைப்பை எனக்கே திருப்பிக் காட்டி ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். முன்பும் என் குஷன் சப்பையாகத்தான் செய்தது. நான் வாக்குக் கொடுக்காத வரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

புதுக்கடை:
எனக்கும் இதே தொல்லை. ஒரே இரவில் 6 ஒற்றை நட்சத்திரம், ஆறிலும் ஒரே எழுத்துப்பிழை. புகார் கொடுத்த பிறகு நான்கை நீக்கினார்கள். நீங்கள் அந்த ரிவ்யூவை நீக்கச் சொல்லிக் கேட்டீர்களா?

குஷன்காரன்:
இல்லைங்க, அவர் எழுதியது உண்மை. தப்பு என் தலைப்பில்.

வரிவேலை:
பத்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. உங்கள் சறுக்கலை நானும் சறுக்கியிருக்கிறேன். போட்டிப் பொருளின் மீதான புகாரைத் தலைகீழாகத் திருப்பினால் அது உங்கள் வாக்குறுதியாகிவிடும். அந்த வார்த்தை வாங்குபவரின் பயத்தைக் காட்டுகிறது. உங்கள் பொருள் அந்தப் பயத்தைத் தீர்க்கிறதா என்பதை அந்த வார்த்தை சொல்லாது, அதை நீங்கள்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நான் செய்வது இது. ஒரு ஷீட்டில் நான்கு பத்தி: ரிவ்யூவில் உள்ளபடியே வாக்கியம், எத்தனை நட்சத்திரம், எந்தப் பொருளுக்கு எழுதியது, எந்தத் தருணத்தைப் பற்றியது. எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த மாட்டேன். ‘தருணம்’ பத்திதான் உயிர். வாங்கும் முன் தயங்கியதா, பெட்டியைப் பிரித்ததும் தோன்றியதா, பல நாள் பயன்படுத்திய பிறகு தெரிந்ததா? முதல் வகை தலைப்புக்கு நல்லது. மூன்றாவது வகை பக்கத்தின் நடுவில்தான் வேலை செய்யும், ஏனென்றால் இன்னும் வாங்காதவருக்கு அந்த அனுபவமே கிடையாது.

ஒருமுறை மேசை விளக்கு ஒன்றுக்கு “தலையைத் தட்டினா அங்கேயே நிக்குது” என்று பலர் எழுதியிருந்தார்கள். ஆசையாகத் தலைப்பில் போட்டோம். யாருக்கும் புரியவில்லை. விளக்கை வளைத்துப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அர்த்தமாகும் வரி அது. படத்துக்குக் கீழே இறக்கிய பிறகு சரியாகப் பொருந்தியது.

மூன்றாம்மாடி:
இவ்வளவு சிரமம் எதற்கு? 5 நட்சத்திர ரிவ்யூக்களை எல்லாம் ஒரே கோப்பில் கொட்டி, அதிகம் வரும் சொல்லை எண்ணிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். பொதுவில் எழுதியதுதானே, நல்ல ரிவ்யூ என்றால் முழுதாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

வரிவேலை:
எண்ணுவது நல்ல பழக்கம்தான். ஆனால் 5 நட்சத்திரத்தில் எண்ணினால் ‘சூப்பர்’, ‘அருமை’, ‘வொர்த்’ என்றுதான் வரும், எந்தப் பொருளுக்கும் ஒட்டும் சொற்கள். 3, 4 நட்சத்திரக்காரர்கள்தான் ‘இது பிடித்தது, ஆனால்’ என்று விவரமாக எழுதுவார்கள்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘நழுவுது’, ‘நழுவாம’, ‘நழுவல’, ‘நழுவிப் போய்’ எல்லாவற்றையும் கணினி வேறு வேறு சொல்லாக எண்ணும். எல்லாம் சிக்க வேண்டுமென்றால் ‘நழு’ என்று அடிப்பகுதியை மட்டும் தேட வேண்டும். அப்போது நழுவுகிறது என்றவரும் நழுவவில்லை என்றவரும் ஒரே வலையில் விழுவார்கள். அதனால் ஒவ்வொன்றையும் கண்ணால் படித்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்கள் வேறு இருக்கிறார்கள்: `nazhuvudhu`, `naluvuthu`. அப்புறம், ஒருவரே மூன்று முறை சொல்லியிருந்தாலும் நான் ஒன்றாகத்தான் எண்ணுவேன். புதுக்கடை சொன்ன மாதிரி ஒரே பிழையோடு வரிசையாக வருபவற்றை எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை.

முழு ரிவ்யூவை எடுத்துப் போடுவது வேறு விஷயம். நாலு சொல் தொடரைக் கடன் வாங்குவதும், ஒருவர் எழுதிய பத்தியை அப்படியே தூக்குவதும் ஒன்றல்ல. அவர் சொன்னதாகவே போட விரும்பினால் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மூன்றாம்மாடி:
சூப்பர், அருமை... என் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். இரண்டுமே இருக்கின்றன. 😅

மருந்தக்கணக்கு:
குஷன்காரரே, உங்கள் ரிவ்யூக்களில் “முதுகு வலி போயே போச்சு” என்று நிச்சயம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். முழங்கால் பட்டை விற்ற இடத்தில் நான் வேலை பார்த்தபோது இப்படி ஒரு வரியைத் தலைப்பாக்கினார்கள். வாடிக்கையாளர் சொன்னால் அது அவர் அனுபவம், அதையே விற்பவர் சொன்னால் மருத்துவ உரிமைகோரல். ஆதாரம் கேட்டு, விற்பனைத் தளம் பக்கத்தையே முடக்கியது. “வாடிக்கையாளர் வார்த்தைதானே” என்ற பதில் அங்கே எடுபடவில்லை.

வரிவேலை:
இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. ஜோவன்னா வீப் என்ற விளம்பர எழுத்தாளர், போதை மீட்பு மையம் ஒன்றுக்கு எழுதும்போது, போதைப் பழக்கம் பற்றிய புத்தகங்களுக்கு அமேசானில் வந்திருந்த ரிவ்யூக்களைப் படித்தார். ‘மீட்பு சிகிச்சை தேவையோ என்று உனக்குத் தோன்றினால், தேவைதான்’ என்ற பொருளில் ஒரு வாசகர் எழுதியிருந்ததைத் தலைப்பாக்கினார். பொத்தானை அழுத்தியவர்கள் 400 சதவீதத்துக்கு மேல் கூடினார்கள், படிவம் நிரப்பியவர்கள் 20 சதவீதம்தான் கூடினார்கள். இது அவரே சொன்ன கணக்கு. எல்லோரும் 400-ஐ மட்டும் சொல்வார்கள், எனக்கு அந்த 20 மேல்தான் கண். நல்ல வரி ஆளைக் கதவு வரை கூட்டி வருகிறது, உள்ளே வருவதற்கு வேறு காரணம் வேண்டியிருக்கிறது. கவனியுங்கள், அவர் போட்டிப் பொருளின் ரிவ்யூவைத் தேடிப் போகவில்லை, அதே பிரச்சினையோடு இருப்பவர்கள் பேசும் இடத்தைத் தேடிப் போனார்.

குஷன்காரன்:
‘தருணம்’ பத்தி போட்டு மறுபடியும் படித்தேன். என் குஷனுக்கு 3, 4 நட்சத்திரம் கொடுத்தவர்களில் 11 பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்: “எந்திரிச்சு வந்து உக்காந்தாலும் அதே இடத்துல இருக்கு”. அடியில் ரப்பர் புள்ளிகள் இருப்பதால் அது உண்மையும்கூட. சப்பையாகும் விஷயத்துக்கு, ஒரே நாற்காலியில் இரண்டு மாதம் உட்கார்ந்து வாராவாரம் உயரம் அளந்து பார்க்கப் போகிறேன். அதுவரை அந்தச் சொல் பக்கத்தில் இருக்காது.

ஒரு குழப்பம். தலைப்பை அவர்கள் சொன்னபடியே “எந்திரிச்சு வந்தாலும்” என்று போடுவதா, “எழுந்து வந்து உட்கார்ந்தாலும்” என்று திருத்துவதா?

மருந்தக்கணக்கு:
திருத்துங்கள். பேச்சு வழக்கில் போட்டால் பொருள் மலிவாகத் தெரியும்.

வரிவேலை:
நான் திருத்த மாட்டேன். திருத்தினால் மறுபடியும் கடைக்காரர் குரல் வந்துவிடும். ஆனால் உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. இரண்டு முறை சோதித்தேன், ஒன்றில் பேச்சு வழக்கு ஜெயித்தது, இன்னொன்றில் வித்தியாசமே தெரியவில்லை.

குஷன்காரன்:
என் பக்கத்துக்கு ஒரு நாளைக்கு 40 பேர்தான் வருகிறார்கள். இரண்டையும் பாதிப் பாதியாகக் காட்டினால் எப்போது முடிவு தெரியும்?

வரிவேலை:
பல மாதம் ஆகலாம். பேசாமல் மாதம் ஒன்றாக மாற்றிப் போட்டு ரிட்டர்னையும் சேர்த்துப் பாருங்கள். துல்லியமாக இருக்காது.

புதுக்கடை:
இப்போதுதான் இங்கே எல்லோரும் எழுதியதை முழுவதும் படித்தேன், நான் வேறு என்னவோ பேசிவிட்டேன் போல. அந்த ஷீட்டில் நட்சத்திரம் எதற்கு? வாக்கியம் மட்டும் போதாதா?