டிவியில் கணினியை இணைத்தால் நான்கு ஓரமும் வெட்டுப்படுகிறது: சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்

கதிர்
லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக டிவியில் போட்டால் டாஸ்க்பாரில் பாதிதான் தெரிகிறது. மேல் மூலையில் இருக்கும் மூடும் பொத்தானும் வெளியே போய்விடுகிறது. ரெசல்யூஷன் 1920×1080. கேபிளில் கோளாறா?

மாலதி
1280×720 வையுங்க. எல்லாம் பெரிதாகி உள்ளே அடங்கிவிடும்.

செந்தில்
அடங்காதுங்க, 720-லும் அதே அளவு ஓரம் போகும். கேபிளும் காரணமில்லை. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திறந்து பாருங்கள். அதில் டாஸ்க்பார் முழுதாக இருந்தால், கணினி சரியாகத்தான் அனுப்புகிறது, வெட்டுவது டிவி.

பழைய குழாய் டிவிகளில் படத்தின் ஓரம் ஒழுங்காக நிற்காது என்பதால் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைப்பார்கள். தட்டை டிவிக்கு அந்தத் தேவையே இல்லை, ஆனாலும் பல டிவிகள் எச்டிஎம்ஐயில் அதைத் தொடர்கின்றன. 5% வெட்டுகிறது என்று வையுங்கள். உயரத்தில் 54 பிக்சல், அதாவது மேலே 27, கீழே 27. விண்டோஸ் 11 டாஸ்க்பார் 100% ஸ்கேலிங்கில் 48 பிக்சல்தான். பாதிக்கு மேல் காணாமல் போவது இதனால்தான்.

டிவி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போங்கள். எல்ஜியில் Just Scan, சாம்சங்கில் Screen Fit அல்லது Fit to Screen, சோனியில் Full Pixel, பிலிப்ஸில் Unscaled. இல்லையென்றால் அந்த இன்புட்டின் பெயரை PC என்று மாற்றிப் பாருங்கள். சில டிவிகளில் அது வெறும் பெயரல்ல, வெட்டுவதும் நிற்கும்.

கதிர்
Just Scan கிடைத்தது, நான்கு ஓரமும் வந்துவிட்டது! எழுத்தும் கூர்மையாகத் தெரிகிறது, ஏன்?

செந்தில்
பெரிதாக்கும்போது ஒரு பிக்சல் பக்கத்துப் பிக்சல்களில் வழியும். இப்போது ஒன்றுக்கு ஒன்று. ஒன்று கவனம்: பல டிவிகள் இதை ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும் தனியாக நினைவில் வைக்கும். துளை மாற்றினால் மறுபடி பாருங்கள்.

மாலதி
கிராஃபிக்ஸ் மென்பொருளில் ஸ்லைடர் இருக்கே, அதிலேயே சுருக்கிடலாமே?

செந்தில்
ஓரம் திரும்பி வரும், ஆனால் டெஸ்க்டாப் 1824×1026 அளவுக்குச் சுருங்க, டிவி அதை மறுபடி இழுக்கும். எழுத்து மங்கும். டிவி மெனுவில் வழியே இல்லாதபோது மட்டும் அதைத் தொடுங்கள்.

ரஃபீக்
எனக்கும் இதே பிரச்சினை. நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை. ஏஎம்டி கார்டு.

செந்தில்
உங்களுக்கு நேர் எதிர், ரஃபீக். கார்டே படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. ஏஎம்டி மென்பொருளில் டிஸ்ப்ளே பகுதியில் HDMI Scaling 0%-க்குக் கொண்டுவாருங்கள்.

ரஃபீக்
0 வைத்தேன், சரியானது. டிவியை அணைத்துப் போட்டால் பட்டை திரும்ப வருகிறது.

மாலதி
டிரைவரை அழித்துப் புதிதாகப் போடுங்க.

செந்தில்
அதற்கு முன் வேறு எச்டிஎம்ஐ துளையில் போட்டு, அங்கேயும் திரும்புகிறதா என்று சொல்லுங்கள்.